ஒரே ஊர், ஒரே திராட்சை, ஒரே ஆண்டு: இரண்டு போத்தல்களில் எது இனிப்பு? வைன் லேபலை வாசிப்பது எப்படி

ஜேர்மனியில் தொழிற்பயிற்சி செய்துகொண்டிருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர் அண்மையில் வட்ஸ்அப்பில் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். கடைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு வைன் போத்தல்கள். அவருடைய பயிற்சிப் பொறுப்பாளரான அம்மையார் ஓய்வுபெறுகிறார். வேலையிடத்துப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு போத்தல் வைன் கொடுக்கத் தீர்மானித்து, வாங்கும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டார்கள். தம்பி குடிப்பவரல்ல. வாழ்க்கையில் இதுவரை வைன் போத்தல் வாங்கியதும் இல்லை.

"அண்ணை, ரெண்டும் ஒண்டுதானே? ஒண்டு அம்பது சதம் குறைவு. அதையே எடுக்கட்டோ?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி: "அவவுக்குச் சீனி வருத்தம் இருக்கு. இனிப்பில்லாததா எடுக்கச் சொல்லித்தான் சொன்னவை."

அந்த இரண்டாவது வரிதான் முக்கியமானது. ஏனென்றால் அந்த இரண்டு போத்தல்களும் ஒன்றல்ல. ஒன்றில் கிட்டத்தட்ட பத்துத் தேக்கரண்டி சீனி இருக்கிறது. மற்றதில் அதிகம் போனால் ஒன்றரைத் தேக்கரண்டி. ஐம்பது சதம் மலிவான போத்தல்தான் சீனி கூடியது. இந்த வேறுபாட்டை லேபல் மறைக்கவில்லை. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதவருக்கு அது தெரியாது.

புலம்பெயர் நாடுகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலருக்கு இப்படியொரு நாள் வரும். வேலையிடத்துப் பரிசு, அயலவர் வீட்டு அழைப்பு, வீட்டுக்கு வரும் விருந்தாளி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே அந்த இரண்டு படங்களையே வைத்துக்கொண்டு, திராட்சை, ஆண்டு, இனிப்பு, அற்ககோல் அளவு ஆகிய நான்கையும் எப்படி வாசிப்பது என்று பார்ப்போம்.

படத்தில் இருந்தவை

தயாரிப்பாளரின் பெயரையும் ஊர்ப் பெயரையும் விட்டுவிட்டால், முதலாவது லேபலில் எங்களுக்குத் தேவையான சொற்கள் இவைதான்:

```
2022
Riesling
Spätlese
Mosel
8,0 % vol    0,75 l
```

இரண்டாவது லேபலில் இருந்தவை:

```
2022
Riesling
Spätlese trocken
Mosel
12,0 % vol   0,75 l
```

இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இரண்டு இடத்தில் மட்டும்தான். இரண்டாவதில் ‘ட்ரொக்கன்’ என்ற சொல் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அற்ககோல் அளவு எட்டுக்குப் பதில் பன்னிரண்டாக இருக்கிறது. எண்ணில் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஜேர்மனியில் தசமத்தை அப்படித்தான் எழுதுவார்கள். அது எண்பதும் அல்ல, நூற்றியிருபதும் அல்ல.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு விடயம் சொல்ல வேண்டும். தம்பி முதலில் அனுப்பியது முன்பக்கப் படம் மட்டும். அதில் அற்ககோல் அளவு இல்லை. பல தயாரிப்பாளர்கள் முன்பக்கத்தில் பெயரையும் ஆண்டையும் அழகாகப் போட்டுவிட்டு, சட்டம் கேட்கும் விபரங்களைப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் வைப்பார்கள். போத்தல் வளைவானது என்பதால் லேபலின் ஓரத்தில் இருக்கும் எழுத்து படத்தில் விழாமலும் போகலாம். ஆகவே முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, தேவையென்றால் போத்தலைச் சற்றுத் திருப்பி ஓரம் ஒன்று என்று எடுத்தால்தான் முழு விபரமும் கிடைக்கும். இணையக் கடையில் வாங்குவதென்றால் இன்னொரு கவனம் வேண்டும். அங்கே போட்டிருக்கும் படம் பழைய ஆண்டின் போத்தலாக இருக்கலாம். படத்தில் இருக்கும் ஆண்டும் கீழே எழுதியிருக்கும் ஆண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

திராட்சையின் பெயர்

‘றீஸ்லிங்’ என்பது திராட்சை இனத்தின் பெயர். எங்கள் மாம்பழத்தில் கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், விலாட்டு என்று இருப்பதைப் போலத்தான் இதுவும். றீஸ்லிங் வெள்ளை வைனுக்கான திராட்சை. 1435ஆம் ஆண்டுக் கணக்குப் பதிவொன்றிலேயே இதன் பெயர் ஜேர்மனியில் காணப்படுகிறது. ‘மோசெல்’ என்பது திராட்சை அல்ல. அது ஜேர்மனியின் மேற்கில் ஓடும் ஆற்றின் பெயர். அந்த ஆற்றின் பெயரைக் கொண்ட வைன் பிரதேசத்தில் விளைந்த திராட்சை என்பதையே லேபலில் அது குறிக்கிறது. முதன்முறை வாங்குபவர்கள் பலர் இடப்பெயரைத் திராட்சைப் பெயராக எடுத்துக்கொள்வதுண்டு.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின்படி ஒரேயொரு திராட்சை இனத்தின் பெயரை லேபலில் போடுவதென்றால், அந்த வைனில் குறைந்தது 85 வீதம் அந்த இனமாக இருக்க வேண்டும். மிகுதி 15 வீதம் வேறு இனமாக இருக்கலாம். அதை லேபலில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ‘றீஸ்லிங்’ என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பொருள் அவ்வளவுதான்.

இந்த இனத்தைப் பற்றி ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். றீஸ்லிங் புளிப்புக் கூடிய திராட்சை. தேசிக்காய்த் தண்ணீரில் மூன்று கரண்டி சீனி போட்டாலும் குடிக்கும்போது அவ்வளவு தித்திப்பதில்லை. புளிப்பு, சீனியை நாக்குக்கு மறைத்துவிடும். அதே மூன்று கரண்டியை வெறும் தண்ணீரில் போட்டால் குடிக்க முடியாது. றீஸ்லிங் வைனிலும் நடப்பது அதுதான். "ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், பெரிய இனிப்பாகத் தெரியவில்லை" என்று சொல்லி நீரிழிவு உள்ளவருக்கு இதைக் கொடுக்க முடியாது. நாக்கு இங்கே நம்பத்தகுந்த சாட்சி அல்ல. லேபலைத்தான் கேட்க வேண்டும்.

ஆண்டு

2022 என்பது திராட்சை அறுவடையான ஆண்டு. போத்தலில் அடைத்த ஆண்டோ விற்பனைக்கு வந்த ஆண்டோ அல்ல. இதிலும் அதே 85 வீதக் கணக்குத்தான். குறைந்தது அவ்வளவு திராட்சையாவது அந்த ஆண்டில் அறுவடையானதாக இருக்க வேண்டும்.

தம்பி இதைப் பார்த்து, "பழசாப் போச்சுதோ, முடிவுத் திகதி எங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மா, பால்மா, மருந்து என்று எதை வாங்கினாலும் முதலில் திகதியைத் திருப்பிப் பார்க்கப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் ஐரோப்பாவில் வழமையான வைனுக்கு முடிவுத் திகதி போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆண்டு என்பது முடிவுத் திகதியும் அல்ல. புளிப்பும் இனிப்பும் கூடிய மோசெல் றீஸ்லிங் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கக்கூடியது. அற்ககோலை நீக்கி, பத்து வீதத்துக்குக் கீழே கொண்டுவந்த வைன்களுக்குத்தான் இப்போது திகதி கட்டாயம். அவற்றை வாங்குபவர்கள் திகதியைப் பார்க்க வேண்டும்.

ஆண்டு சொல்வது அந்த வருடத்துக் காலநிலையை. 2022 ஜேர்மனியில் வெப்பமும் வரட்சியுமான ஆண்டு. 2021 குளிரும் மழையுமான ஆண்டு. வெயில் கூடிய ஆண்டில் பழத்தில் சீனி ஏறும், புளிப்பு இறங்கும். குளிர்ந்த ஆண்டில் இது மறுதலையாக நடக்கும். முதன்முறை வாங்குபவருக்கு ஆண்டைப் பற்றி இதற்கு மேல் தேவையில்லை.

பின்பக்க லேபலில் ஆண்டைப் போலத் தோன்றும் இன்னொரு எண் இருக்கும். ஜேர்மனியின் தரமான வைன்கள் ஒவ்வொன்றும் அரச பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். அதன் இலக்கம் நீளமாக அச்சிடப்பட்டிருக்கும். அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் பரிசோதனை நடந்த ஆண்டைக் குறிக்கும். 2022 அறுவடை பெரும்பாலும் 2023இல் பரிசோதனைக்குப் போவதால் அங்கே 23 என்று முடியலாம். தம்பி அதைப் பார்த்துவிட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் ஒத்துப்போகவில்லை என்று சந்தேகப்பட்டார். இரண்டும் சரிதான். ஒன்று அறுவடை, மற்றது பரிசோதனை.

பலரும் விழும் குழி: ‘ஸ்பேட்லேசெ’

இரண்டு லேபல்களிலும் இருக்கும் இந்தச் சொல்லுக்கு ‘பிந்திய அறுவடை’ என்று பொருள். பிந்திப் பறித்தால் பழம் நன்கு கனிந்திருக்கும், ஆகவே வைன் இனிப்பாக இருக்கும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவின் முதற்பாதி சரி. இரண்டாம் பாதி பிழை.

ஜேர்மனியில் திராட்சையைப் பிழிந்தவுடன் சாற்றின் அடர்த்தியை அளப்பார்கள். ஒரு லீற்றர் சாறு, ஒரு லீற்றர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கனமானது என்பதே அந்த அளவு. அதை ‘ஒக்ஸ்லே’ என்று சொல்வார்கள். சாற்றில் சீனி கூடக்கூட அதன் பாரமும் கூடும். குறைந்த அளவைத் தாண்டிய சாற்றில் செய்த வைன் ‘கபினெற்’ என்ற பெயரைப் பெறும். அடுத்த படி ‘ஸ்பேட்லேசெ’. அதற்கும் மேலே ‘அவுஸ்லேசெ’. ஸ்பேட்லேசெக்குத் தேவையான ஆகக்குறைந்த அளவு, பிரதேசத்தையும் திராட்சை இனத்தையும் பொறுத்து 76 முதல் 90 ஒக்ஸ்லே வரை வேறுபடும். இந்தப் படிகளில் வரும் வைன்களின் சாற்றுக்கு நொதிக்கும் முன் சீனி சேர்ப்பதைச் சட்டம் தடுக்கிறது.

கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த அளவு எடுக்கப்படுவது சாற்றில். நாங்கள் வாங்குவது சாறு அல்ல, வைன். இடையில் நொதித்தல் நடக்கிறது. பறித்த நாளில் பழத்தில் எவ்வளவு சீனி இருந்தது என்பதை ‘ஸ்பேட்லேசெ’ சொல்கிறது. அந்தச் சீனியில் எவ்வளவு இப்போது போத்தலுக்குள் மிஞ்சியிருக்கிறது என்பதை அது சொல்லவே இல்லை. அதனால்தான் ஒரே ஸ்பேட்லேசெ என்ற பெயரில் ஒரு போத்தல் தித்திப்பாகவும் மற்றது இனிப்பே இல்லாமலும் இருக்க முடிகிறது.

கருப்பநீரும் கள்ளும்

இதை எங்கள் ஊர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது சுலபம். பனையில் முட்டி கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பநீர். நல்ல இனிப்பு, வெறி இல்லை. சுண்ணாம்பு பூசாமல் விட்டால் இறங்குவது கள்ளு. மரத்தில் சுரந்தது இரண்டுக்கும் ஒரே பாளையின் நீர்தான். காற்றிலிருந்து வந்த மதுவம் அதிலுள்ள சீனியைத் தின்று அற்ககோலாக்கிவிடும். காலையில் இனிப்பாக இருந்த கள்ளு பின்னேரம் இனிப்புக் குறைந்து வெறி கூடுவதும் அதனால்தான். இனிப்பு எங்கேயும் ஓடிவிடவில்லை. அதுதான் வெறியாக மாறியிருக்கிறது.

வைனிலும் இதே கணக்குத்தான். ஒரு லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சீனி நொதித்தால் ஒரு வீதம் அற்ககோல் உண்டாகும். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தம்பியின் இரண்டு போத்தல்களையும் கணக்குப் பார்க்கலாம்.

இரண்டு சாற்றிலும் தொடக்கத்தில் லீற்றருக்கு 205 கிராம் சீனி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பேட்லேசெக்கு இது பொருத்தமான அளவு. 205ஐ 17ஆல் பிரித்தால் பன்னிரண்டுக்குச் சற்று மேல் வரும். அதாவது சீனி கிட்டத்தட்ட முழுவதும் நொதித்தால் 12 வீதம் அற்ககோல். இரண்டாவது போத்தலில் எழுதியிருப்பது அதுதான். அங்கே சீனி ஏறக்குறைய முடிந்துவிட்டது.

முதலாவது போத்தலில் எட்டு வீதம்தான். எட்டு வீதத்துக்கு எட்டுத் தரம் 17, அதாவது 136 கிராம் சீனி செலவாகியிருக்கிறது. 205இல் 136 போனால் மிகுதி 69 கிராம். தயாரிப்பாளர் வைனைக் குளிராக்கியும் மதுவத்தை வடித்தும் நொதித்தலை இடையில் நிறுத்தியிருக்கிறார். அந்த 69 கிராம் சீனி அப்படியே போத்தலுக்குள் இருக்கிறது. போத்தல் முக்கால் லீற்றர் என்பதால் முழுப் போத்தலில் 50 கிராமுக்குச் சற்று மேல் வரும். ஒரு தேக்கரண்டி ஐந்து கிராம் என்று எடுத்தால் அது பத்துக் கரண்டி.

இது மதிப்பீடுதான், ஆய்வுகூடக் கணக்கல்ல. தொடக்கச் சீனி ஒவ்வொரு தோட்டத்துக்கும் மாறும். சிலர் நொதிக்காத சாற்றைக் கடைசியில் சேர்த்தும் இனிப்பாக்குவார்கள். ஆனாலும் ஜேர்மன் றீஸ்லிங்கில் அற்ககோல் ஏழு, எட்டு, ஒன்பது என்று இருந்து, ட்ரொக்கன் என்ற சொல்லும் இல்லையென்றால் அது இனிப்பு வைன் என்று துணிந்து சொல்லலாம். பதினொன்றரைக்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பற்றது. பத்து, பதினொன்று இரண்டுக்கும் நடுவில் நிற்பது.

இந்தக் கணக்கை எல்லா வைனுக்கும் போட முடியாது. போர்த்துக்கல்லின் ‘போர்ட்’ வைனில் இருபது வீத அளவில் அற்ககோலும் இருக்கும், நிறைய இனிப்பும் இருக்கும். நொதித்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து மதுசாரத்தை ஊற்றி நிறுத்துவார்கள் என்பதே காரணம். ஆகவே அற்ககோல் கூடினால் இனிப்புக் குறைவு என்பதை மேசைக்கு வரும் சாதாரண வைனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனிப்பைச் சொல்லும் சொற்கள்

லேபலில் இனிப்பைப் பற்றி வரும் ஜேர்மன் சொற்கள் நான்குதான். படத்தில் தேடிப் பார்ப்பதற்கு வசதியாக அவை அச்சில் வரும் வடிவத்திலேயே இங்கே தரப்படுகின்றன:

```
trocken
halbtrocken
lieblich
süß
```

ட்ரொக்கன் என்றால் ‘உலர்ந்தது’. வைனில் அதன் பொருள் இனிப்பற்றது என்பதே. லீற்றருக்கு நான்கு கிராம் வரை சீனி இருக்கலாம். புளிப்புப் போதியளவு இருந்தால் ஒன்பது கிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. றீஸ்லிங் புளிப்பானது என்பதால் பெரும்பாலும் அந்த ஒன்பது கிராம் எல்லைக்குத் தகுதிபெறும். ஒன்பது கிராம் இருந்தால்கூட முழுப் போத்தலில் ஏழு கிராம் தாண்டாது. தொடக்கத்தில் சொன்ன ஒன்றரைக் கரண்டி அதுதான்.

ஹல்ப்ட்ரொக்கன் என்றால் ‘அரை உலர்ந்தது’. லீற்றருக்கு 12 கிராம் வரை, புளிப்பைப் பொறுத்து 18 வரை. அதைத் தாண்டி 45க்குள் இருப்பது லீப்லிஹ். 45 கிராமும் அதற்கு மேலும் சூஸ், அதாவது இனிப்பு. இவற்றைத் தவிர ‘ஃபைன்ஹெர்ப்’ என்ற சொல்லையும் காணலாம். அதற்குச் சட்டத்தில் அளவு இல்லை. ஹல்ப்ட்ரொக்கனை ஒட்டி, சில வேளைகளில் அதைவிடச் சற்று இனிப்பாகவும் இருக்கும். சீனியைக் கவனிக்க வேண்டியவர் இந்தச் சொல்லை நம்பி வாங்காமல் இருப்பது நல்லது.

தம்பி கேட்ட அடுத்த கேள்வி: "அப்ப முதலாவது போத்தலில ஏன் ‘சூஸ்’ எண்டு எழுதேல்லை?" சாதாரண வைனில் இனிப்பின் அளவை எழுதுவது கட்டாயமல்ல என்பதே விடை. ட்ரொக்கன் என்பதைப் பெருமையோடு பெரிதாகப் போடுவார்கள். இனிப்பானதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். ஜேர்மனியர் பலருக்கு, சொல் இல்லையென்றால் இனிப்பு என்று பழக்கத்தில் தெரியும். புதிதாக வந்தவருக்கு அந்த மௌனம் விளங்காது. எழுதாமல் விடப்பட்டதையும் வாசிக்க வேண்டிய லேபல் இது.

இன்னொரு குழி, நுரைக்கும் வைனில் இருக்கிறது. ஜேர்மனியில் அதைச் ‘செக்ற்’ என்பார்கள். அதிலும் ட்ரொக்கன் என்ற அதே சொல் வரும். ஆனால் அங்கே அதன் பொருள் லீற்றருக்கு 17 முதல் 32 கிராம் சீனி. சாதாரண வைனில் இனிப்பற்றது என்று பொருள்படும் சொல், நுரை வைனில் நன்றாகவே இனிக்கும் ஒன்றுக்குப் பெயர். நுரை வைனில் சீனி குறைந்ததைத் தேடுபவர் ‘புறூட்’ என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். அது 12 கிராமுக்குக் குறைவானது.

அற்ககோல் அளவு சொல்வது என்ன?

எட்டு வீதம் என்றால் நூறு மில்லிலீற்றர் வைனில் எட்டு மில்லிலீற்றர் தூய அற்ககோல் இருக்கிறது என்று பொருள். ஐரோப்பிய லேபலில் இதை முழு எண்ணாகவோ அரையாகவோதான் எழுதுவார்கள். உண்மை அளவு அரை வீதம் முன்பின்னாக இருக்கச் சட்டம் விடுகிறது. ஆகவே 12 என்றிருந்தால் உள்ளே பன்னிரண்டரையும் இருக்கலாம்.

வைனை ஏதோ சர்பத் போல நினைப்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அதற்கும் ஒரு கணக்கு. 12 வீத வைன் 150 மில்லிலீற்றர் கிளாஸ் ஒன்றில் 18 மில்லிலீற்றர் அற்ககோல் இருக்கிறது. 33 வீதம் என்று எழுதிய சாராயத்தில் 50 மில்லிலீற்றர் எடுத்தால் அதில் பதினாறரை. அதாவது ஒரு கிளாஸ் வைன், 50 மில்லிலீற்றர் சாராயத்தைவிடச் சற்றுக் கூட. எட்டு வீத வைனில் அதே கிளாஸில் 12 மில்லிலீற்றர். இனிப்பான போத்தலில் வெறி குறைவு, சீனி கூட. இனிப்பற்ற போத்தலில் சீனி குறைவு, வெறி ஒன்றரை மடங்கு. இரண்டிலும் குறைந்தது என்று ஒன்று இந்தத் தட்டில் இல்லை.

வாகனம் ஓட்டுபவர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். ஜேர்மனியில் பொது எல்லை, இரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5. ஆனால் புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டாண்டு நன்னடத்தைக் காலத்தில் இருப்பவருக்கும், 21 வயதுக்குக் குறைந்தவருக்கும் எல்லை பூச்சியம். எட்டு வீதம்தானே என்று விருந்தில் ஒரு கிளாஸ் வாங்கிவிட்டுக் காரில் ஏற அவர்களுக்கு இடமே இல்லை.

நீரிழிவுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ட்ரொக்கன் என்பது சீனி குறைந்தது என்று மட்டுமே பொருள்படும். நீரிழிவுக்கு உகந்தது என்று பொருள்படாது. அற்ககோலை உடைப்பதில் ஈடுபடும் ஈரல், இரத்தத்துக்குச் சீனி விடுவதைக் குறைத்துவிடும். இன்சுலினோ சீனியைக் குறைக்கும் சில குளிசைகளோ எடுப்பவருக்கு, குடித்துச் சில மணித்தியாலங்களின் பின், சில வேளை நித்திரையிலேயே, சீனி ஆபத்தாக இறங்கலாம். வெறும் வயிற்றில் குடித்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். அதை அவரும் அவருடைய வைத்தியரும் பேசித் தீர்மானிக்க வேண்டும். போத்தல் வாங்குபவர் தீர்மானிக்க முடியாது.

புதிய போத்தல்களில் ஒரு வசதி

2023 டிசம்பர் 8ஆம் திகதிக்குப் பின்னர் உற்பத்தியான வைன்களுக்கு, சேர்மானங்களையும் ஊட்டச்சத்து விபரத்தையும் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. சக்தி அளவு லேபலிலேயே இருக்கும். மிகுதியைப் பெரும்பாலும் கியூஆர் குறியீட்டின் ஊடாகத் தருகிறார்கள். போனில் அதைப் பிடித்தால் நூறு மில்லிலீற்றருக்கு எத்தனை கிராம் சீனி என்று நேரடியாகவே வரும். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் லீற்றருக்குரிய அளவு. எங்கள் கணக்கில் வந்த 69 கிராம், அங்கே 6.9 என்று தெரியும்.

தம்பியின் போத்தல்கள் 2022ஆம் ஆண்டுக்குரியவை என்பதால் அந்தக் குறியீடு இல்லை. 2024ஆம் ஆண்டு என்று எழுதிய போத்தல் என்றால் பின்பக்கத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். யாராவது அனுப்பிய படத்தில் குறியீடு தெளிவாக விழுந்திருந்தால், அந்தப் படத்திலிருந்தே வாசிக்கவும் முடியும்.

தம்பிக்கு எழுதிய பதில் சிறியது: "ட்ரொக்கன் எண்டு எழுதி, பன்னிரண்டு வீதம் இருக்கிறதை எடும். மற்றதை வையும். குடுக்கேக்க, இது இனிப்பில்லாதது, ஆனா வெறி கூடினது எண்டு சொல்லிக் குடும்." அவர் அப்படியே வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மையார் போத்தலைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவில்லையாம். நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் வாசித்தாராம்.